வீங்கிய கரண்டையும் நாலு அடியும்

சொல் இல்லாமல் வந்த படம்

கைத்தொலைபேசியில் ஒரு படம் வருகிறது. வெறும் கால். கரண்டை எலும்பு துருத்தி நிற்கவேண்டிய இடத்தில், தோலுக்கு அடியில் கோழிமுட்டை ஒன்றைச் செருகி வைத்ததுபோல் ஒரு வீக்கம். மேலே எழுத்து இல்லை, கீழே குரல்பதிவு இல்லை. அனுப்பியவர் படுவான்கரைக் கிராமமொன்றில் இருக்கிறார். பார்ப்பவர் கொழும்பிலோ சூரிச்சிலோ டொரொன்டோவிலோ இருக்கிறார். யாரோ விழுந்திருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

பார்ப்பவர் உடனே செய்யும் வேலை, வீக்கத்தை அளப்பது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். பெரிய வீக்கம் என்றால் முறிவு, சின்ன வீக்கம் என்றால் சுளுக்கு என்று மனசு கணக்குப் போடுகிறது. ஆனால் எலும்பில் கீறலும் விழாத ஒரு சுளுக்கு பூசணிக்காய் அளவு வீங்கலாம். எலும்பு முறிந்த ஒரு கால் முதல் மணித்தியாலத்தில் கொஞ்சமாய்த்தான் புடைத்திருக்கலாம். படத்தில் முதலில் கண்ணில் படும் வீக்கத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அப்படியானால் படத்தில் எதைப் பார்க்கவேண்டும், படத்தில் இல்லாத எதைக் கேட்கவேண்டும்?

தோலுக்கு அடியில் நடப்பது

கரண்டைக்கால் மூட்டில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. கணைக்காலில் இரண்டு எலும்புகள் இறங்கி வருகின்றன. உள்ளே இருப்பது தடித்தது, வெளியே இருப்பது மெல்லியது. இரண்டின் நுனிகளும் பாதத்தின் ஓர் எலும்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்த நுனிகள்தான் நாம் வெளியில் தொட்டுப் பார்க்கக்கூடிய மேடுகள். வெளிப்பக்க மேட்டைப் புறக்கரண்டை என்றும் உள்பக்க மேட்டை உட்கரண்டை என்றும் வைத்துக்கொள்வோம். எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் பட்டிகள் இணைநார்கள். வெளிப்பக்கத்தில் இவை மூன்று. அவற்றுள் முன்பக்கமாக ஓடுவது மிகப் பலவீனமானது.

சேற்றில், படியில், கல்லில் கால் பிசகும்போது பெரும்பாலும் உள்ளங்கால் உள்நோக்கித் திரும்பும். உடம்பின் பாரம் முழுவதும் வெளிப்பக்கத்தை இழுக்கும். முதலில் அந்த முன் இணைநார் நீளும், பிறகு சிலும்பும், பிறகு அறும். இதுவே சுளுக்கு. அதே இழுப்பு இன்னும் கொஞ்சம் தொடர்ந்தால், அல்லது எலும்பு நாரைவிட இளகியிருந்தால், நார் தாக்குப்பிடித்துக்கொண்டு அது ஒட்டியிருக்கும் எலும்பின் நுனி பெயர்ந்து வரும். சிலவேளை மெல்லிய எலும்பு குறுக்காகவே முறியும். அப்போது அது முறிவு.

ஒரே விழுகை, ஒரே இழுப்பு, ஒரே இடம். ஒருவருக்கு நார் அறுகிறது, இன்னொருவருக்கு நார் கட்டியிருந்த எலும்பு கழல்கிறது. இரண்டிலும் சிறு இரத்தக்குழாய்கள் கிழிகின்றன. இரண்டிலும் இரத்தமும் நீரும் தோலுக்கு அடியிலுள்ள அதே தளர்ந்த இடத்தில் சேர்கின்றன. வீக்கம் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நேரமும் படத்தை மாற்றுகிறது. விழுந்த சில நிமிடங்களில் கிளம்பும் முட்டை வீக்கம் பெரும்பாலும் இரத்தம். அதற்குப் பிறகு பல மணித்தியாலங்களுக்கு, காயத்தைச் சுற்றியுள்ள இழையங்களில் நீர் ஊறி வீக்கம் பரவும். காலைத் தொங்கவிட்டுக் கதிரையில் இருந்தால் இன்னும் கூடும். இரண்டாம் மூன்றாம் நாளில், கசிந்த இரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்கி, அடியே படாத குதிக்காலிலும் விரலடியிலும் நீலமும் ஊதாவுமாகத் தெரியும். மூன்றாம் நாள் படம் முதல் நாள் படத்தைவிடப் பயங்கரமாக இருக்கும். ஆள் ஆறிக்கொண்டு வரும்போதுதான் உறவினர் பலர் பதறுகிறார்கள்.

ஒட்டாவாவில் 750 பேர்

1990 அளவில் கனடாவின் வைத்தியசாலைகளிலும் இதே சிக்கல் இருந்தது. கால் பிசகி வந்த ஏறக்குறைய எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இருந்ததோ 100 பேரில் 15 பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான். ஒட்டாவா நகரில் அவசர சிகிச்சை வைத்தியர் இயன் ஸ்டீல் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு கேள்வியோடு தொடங்கினார்கள்: எக்ஸ்ரே இல்லாமல், கண்ணாலும் கையாலும் மட்டும், எவருக்கு முறிவு இல்லை என்று சொல்லமுடியுமா?

கால் பிசகி வந்த 750 வளர்ந்தோரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே பார்க்கமுன், ஒவ்வொருவரிடமும் 32 விடயங்களை வைத்தியர்கள் பார்த்துக் குறித்தார்கள். எங்கே நோகிறது, எங்கே அழுத்தினால் நோகிறது, நடக்க முடிகிறதா என்று போகும் பட்டியல் அது. பிறகு எக்ஸ்ரே முடிவுகளோடு அந்த 32 குறிப்புகளையும் ஒப்பிட்டு, முக்கியமான முறிவு ஒன்றையும் தவறவிடாத மிகச் சிறிய கேள்விக்கூட்டம் எது என்று தேடினார்கள். 1992 இல் அது வெளியானது. அடுத்த ஆண்டு இன்னும் செப்பனிட்டார்கள். முதல் வடிவத்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர் என்பதும் ஒரு நிபந்தனையாக இருந்தது. அது தேவையில்லை என்று கண்டு கழற்றிவிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் இதை ஒட்டாவா விதி என்கிறார்கள்.

இறுதியில் எஞ்சியவை இரண்டு விடயங்கள். ஒன்று, குறிப்பிட்ட சில எலும்பு இடங்களில் அழுத்தினால் நோவு. மற்றது, நாலு அடி நடக்க இயலாமை. வீக்கத்தின் அளவு அந்த விதியில் இல்லை. நீலம் பாய்ந்திருப்பதும் இல்லை. 'டக்' என்று சத்தம் கேட்டதும் இல்லை. நாம் வழமையாக முதலில் விசாரிக்கும் அத்தனையும் வெளியே நிற்கின்றன.

2003 இல் 27 ஆய்வுகளை, 15,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். விதிப்படி எக்ஸ்ரே தேவையில்லை என்று கருதப்பட்டவர்களில் 100 பேருக்கு 2 பேருக்கும் குறைவாகவே முறிவு இருந்திருக்கிறது.

மண்டூர்த் துறையில் ஒரு பின்னேரம்

இனி ஒரு படத்தை எடுத்து இதை வைத்துப் பார்ப்போம். ஆட்கள் கற்பனை. இடமும் சூழலும் மட்டக்களப்பு வாவிக்கரையில் எவரும் அறிந்தவை.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குறுமண்வெளியிலிருந்து பாதையில் வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறங்குகையில், பாசி பிடித்த இடத்தில் சறுக்கி விழுகிறா. பாதை என்பது வாவியில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. வீட்டுக்குக் கூட்டிவந்த மகன், டொரொன்டோவில் இருக்கும் அக்காவுக்குப் படம் அனுப்புகிறான். எழுத நேரமில்லை, அல்லது என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மட்டக்களப்பில் மாலை, அங்கே காலை.

அக்கா வீக்கத்தை விட்டுவிட்டு வேறு நாலு இடங்களைப் பார்க்கிறா. முதலாவது, பாதம் கணைக்காலோடு நேராக இருக்கிறதா, அல்லது ஒரு பக்கம் திரும்பி நிற்கிறதா? இரண்டாவது, எலும்பு உள்ளிருந்து தள்ளி, தோல் இறுகி வெளுத்து மினுங்குகிறதா? மூன்றாவது, அந்த இடத்தில் காயம், கிழிசல், இரத்தம் உண்டா? நாலாவது, விரல்களின் நிறம். வெளுப்பா, நீலமா, மற்றக் கால்போலவா? இந்த நாலும் உண்மையான அவசரத்தின் குறிகள். நாலும் படத்தில் தெரிபவை. ஆனால் ஒரு காலை மட்டும் காட்டும் படத்தில் எது வழமை, எது மாற்றம் என்று சொல்வது கடினம். இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து, முன்னாலிருந்து ஒன்று, வெளிப்பக்கமிருந்து ஒன்று, உள்பக்கமிருந்து ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று கேட்டு வாங்கவேண்டும். மின்குமிழின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா விரலும் ஒரே நிறமாகத்தான் தெரியும். முடிந்தால் வாசலில் வைத்து எடுக்கச் சொல்லவேண்டும்.

படங்கள் வந்ததும் அழைப்பு எடுக்கிறா.

"தம்பி, எப்பிடி விழுந்தவ? தலை அடிபட்டதா?"

"இல்லக்கா, சறுக்கித்தான். தலை ஒண்டும் படல்ல."

"தலை சுத்தி விழுந்தவவா, சறுக்கி விழுந்தவவா?"

"சறுக்கித்தான். துறையில பாசி. நான் பக்கத்திலதான் நிண்டன்."

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. மயங்கியோ, நெஞ்சு நொந்தோ, ஒரு பக்கம் சோர்ந்தோ விழுந்தவருக்குக் கரண்டை இரண்டாம் பிரச்சினை. அவருக்கு முதலில் பார்க்கவேண்டியது இதயமும் மூளையும்.

"விரலெல்லாம் ஆட்ட ஏலுதா? தொட்டா விளங்குதா? மற்றக் காலவிடக் குளிரா கிடக்கா?"

"ஆட்டுறா. விளங்குதாம். குளிர் இல்ல."

"பெருவிரல் நகத்த அமத்திப் பிடிச்சிட்டு விடு. வெள்ளை போய் திரும்பச் சிவப்பு வர எவ்வளவு நேரம்?"

"உடனே வருது."

இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பினால் பாதத்துக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. இனித்தான் முறிவைப் பற்றிய கேள்வி வருகிறது.

"விழுந்த உடன எழும்பி நடந்தவவா? இப்ப யாரையும் பிடிக்காம நாலு அடி வைக்க ஏலுதா? நொண்டினாலும் பரவாயில்ல."

"அங்க ரெண்டு பேர் பிடிச்சுத்தான் ஏத்தினம். இப்பயும் ஏலா எண்டுறா. ஒரு அடி வைச்சிட்டு இருந்திட்டா."

நாலு அடி என்பது ஒவ்வொரு காலிலும் இரண்டு தடவை பாரம் இறங்குவது. நொண்டுவதை விதி மன்னிக்கிறது, பிடித்துக்கொள்வதை மன்னிப்பதில்லை. விழுந்த உடனேயும் இப்போதும் இரண்டு தடவையும் முடியாமல் போனால்தான் கணக்கு. அம்மா இரண்டிலும் தவறிவிட்டா. இது ஒன்றே எக்ஸ்ரேக்குப் போதும். ஆனாலும் அக்கா எலும்பையும் அழுத்திப் பார்க்கச் சொல்கிறா.

இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும். வீங்கிய முன்பக்கத்தை அமத்தினால் சுளுக்கிலும் முறிவிலும் ஒரேபோல நோகும், ஏனென்றால் அறுந்த நார் இருப்பது அங்கேதான். ஒட்டாவா விதி எலும்பின் பின்விளிம்பைப் பார்க்கச் சொல்கிறது. புறக்கரண்டையின் நுனியில் தொடங்கி, எலும்பின் பின்பக்க ஓரம் வழியாக மேலே 6 சென்ரிமீற்றர். வளர்ந்தவரின் நாலு விரலைச் சேர்த்து வைத்தால் அந்தத் தூரம் அதற்குள் அடங்கிவிடும். உட்கரண்டையிலும் அப்படியே. பாதத்தில் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. சின்னவிரலிலிருந்து வெளியோரமாகப் பின்னோக்கித் தடவிக்கொண்டு வந்தால் நடுப்பாதத்தில் தட்டுப்படும் மேடு ஒன்று. உட்கரண்டைக்குக் கீழே சற்று முன்னால் துருத்தும் எலும்பு மற்றது. நோகாத இடத்தில் தொடங்கி, பெருவிரலால் மெல்ல மெல்ல அமத்திக்கொண்டு வரவேண்டும். நோவைச் சொல்லச் சொல்லிக் கேட்பதோடு நிற்காமல் முகத்தையும் பார்க்கவேண்டும். எங்கள் அம்மாமார் "ஒண்டுமில்ல மகன்" என்றுதான் சொல்வார்கள், புருவம்தான் காட்டிக்கொடுக்கும்.

அம்மாவுக்குப் புறக்கரண்டையின் பின்னோரத்தில், நுனியிலிருந்து இரண்டு விரல் மேலே, தொட்டவுடன் துடிக்கிறது. உட்பக்கம் நோகவில்லை. பாதத்தின் இரண்டு இடமும் நோகவில்லை.

முடிவு: எக்ஸ்ரே வேண்டும். நள்ளிரவு ஓட்டம் தேவையில்லை, ஆனால் நாளை மறுநாள் என்று தள்ளவும் கூடாது. மண்டூரிலிருந்து பட்டிருப்புப் பாலம் வழியாகக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். போகும்வரை காலை நீட்டி, இரண்டு பக்கமும் தலையணையோ மடித்த சாரமோ வைத்துக் கட்டி, நெஞ்சுக்கு மேலான உயரத்தில் தூக்கி வைக்கவேண்டும். கொலுசு, விரல் மெட்டி இருந்தால் இப்போதே கழற்றவேண்டும். இன்னும் வீங்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும்.

எக்ஸ்ரேயில் முறிவு இருக்குமா? இருக்கலாம், பெரும்பாலும் இல்லாமலும் இருக்கலாம். விதி "போ" என்று சொல்லும் ஆட்களில் முறிவுள்ளவர்கள் சிறுபான்மைதான். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. ஒரு முறிவையும் விடக்கூடாது என்பதற்காகப் பல சுளுக்குகளை எக்ஸ்ரே அறைக்கு அனுப்புகிறது. அதன் பலம் "இல்லை" என்று சொல்வதில்தான். நாலு அடி வைத்தவர், எந்த எலும்பிலும் நோவில்லாதவர், நிம்மதியாக வீட்டில் இருக்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: விதி பயிற்சி பெற்ற கைகளில் சோதிக்கப்பட்டது. தொலைபேசியில் தம்பியின் விரல்களை வழிநடத்தும் அக்கா, எப்போது போகவேண்டும் என்று முடிவெடுக்க இதைப் பயன்படுத்தலாம். வைத்தியர் ஏற்கெனவே சந்தேகப்பட்ட ஒருவரைத் தடுத்து நிறுத்துவதற்கு அல்ல.

கேள்வி கேட்க நேரமில்லாத படங்கள்

படத்திலேயே பாதம் திரும்பியிருந்தால் நாலு அடியும் வேண்டாம், அமத்தவும் வேண்டாம். மூட்டு நழுவியிருக்கிறது, பெரும்பாலும் முறிவோடு சேர்ந்து. நழுவிய எலும்பு உள்ளிருந்து தோலைத் தள்ளும். இழுபட்ட தோலுக்கு இரத்தம் போகாது. வெளுத்து மினுங்கும் தோல், எலும்பு தன் இடத்துக்குத் திரும்பாவிட்டால், சில மணித்தியாலங்களில் சாகத் தொடங்கும். அதற்குப் பிறகு எலும்பைப் பொருத்தினாலும் மேலே மூடத் தோல் இருக்காது. வீட்டில் எவரும் இழுத்து நேராக்க முயலக்கூடாது. கிடக்கிற நிலையிலேயே தாங்கிக் கட்டி 1990 ஐ அழைப்பதே சரி. சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமில்லாதது. விறைப்பு ஊசி தேவைப்படலாம் என்பதால் போகும் வழியில் சோறோ தேநீரோ கொடுக்காமல் இருப்பது நல்லது.

முறிந்த இடத்துக்கு மேலே தோல் கிழிந்திருந்தால், காயம் குண்டுமணி அளவாக இருந்தாலும், அது திறந்த முறிவு. எலும்பு வெளியே தெரியவேண்டும் என்றில்லை. உள்ளிருந்து குத்திவிட்டு உள்ளேயே திரும்பிப் போயிருக்கலாம். வாவிச் சேறும் நீரும் பட்ட காயத்துக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். உப்பும் நன்னீரும் கலந்த இளஞ்சூட்டு நீரில் விப்ரியோ இனப் பாக்டீரியாக்கள் வாழும். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவரில் அவற்றில் சில வகை ஒரே இரவில் காலைப் பறிக்கும். சுத்தமான துணியால் மூடிக் கொண்டுபோகவேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை எதுவும் உள்ளே போகக்கூடாது. அன்டிபயோட்டிக் எவ்வளவு நேரத்தோடு ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று வைத்தியர் கேட்பார்.

விரல்கள் வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போயிருந்தால் இரத்தக்குழாய் நெரிகிறது. இதற்கும் 1990 தான்.

படத்தில் தெரியாத ஓர் அவசரமும் உண்டு. காயத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத வலி, மருந்துக்கும் அடங்காமல் நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டே போகும். கணைக்கால் மரக்கட்டைபோல் இறுகும். விரலை இன்னொருவர் மெல்ல நிமிர்த்தினாலே ஆள் கத்துவார். தசையைச் சுற்றிய உறைக்குள் அழுத்தம் ஏறி, தசையும் நரம்பும் மூச்சுத்திணறுகின்றன என்று பொருள். அறுவைச் சிகிச்சையால் அந்த உறையைத் திறந்துவிடவேண்டும், அதுவும் மணித்தியாலக் கணக்கில். வழமையாகச் சுளுக்கு நோவு, காலை உயர்த்தி வைத்தால் தணியும். தணியாமல் ஏறுகிற நோவைப் பற்றிக் கேட்காமல் தொலைபேசியை வைக்கக்கூடாது.

விழுந்தது ஏன் என்று தெரியாத கால்

மட்டக்களப்புப் பகுதியில் இந்தப் படம் வரும்போது கனடியப் பாடப்புத்தகம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். இருட்டில், வயல்வரம்பில், புல்லுக்குள் விழுந்தவரா? கால் பிசகியதால் வீங்கியதா, அல்லது பாம்பு தீண்டித் துள்ளி விழுந்ததா? விரியன் வகைப் பாம்பு கடித்தால் அந்த இடம் சட்டென்று வீங்கும். இருட்டில் கடிபட்டவர் முள் குத்தியது என்றே நினைத்திருப்பார். பல்தடம் வீக்கத்துக்குள் மறைந்துவிடும். படத்தைப் பெரிதாக்கி, அருகருகே இரண்டு புள்ளியோ ஒற்றைக் கீறலோ, அதிலிருந்து நிற்காத கசிவோ உண்டா என்று பார்க்கலாம். வீக்கம் கரண்டையில் நிற்காமல் முழங்காலை நோக்கி ஏறினால் சந்தேகம் வலுக்கிறது. சந்தேகம் வந்தால் போதும். கட்டுப்போடாமல், கீறாமல், ஐஸ் வைக்காமல், ஆளை நடக்கவிடாமல் விஷமுறிப்பு ஊசியும் கண்காணிப்பும் உள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

விதியே கைவிடும் ஆட்களும் உண்டு. ஒட்டாவா விதி நோவை நம்பி நிற்கிறது. நோவை உணராதவரிடம் அது பொய்க்கும். கள்ளோ சாராயமோ குடித்திருப்பவர், தலையில் அடிபட்டுக் குழம்பியிருப்பவர், வேறெங்கோ பெரிய காயம் பட்டு அதன் வலியில் கரண்டையை மறந்திருப்பவர் எல்லாம் இதற்குள் அடங்குவர். கர்ப்பிணிகளும், விழுந்து பத்து நாளுக்குமேல் ஆனவர்களும் முதல் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சிறுவர்களில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு எனும் மென்மையான பகுதி இருக்கிறது. அது நாரைவிட முதலில் இளகக்கூடும். அதனால் பள்ளிப் பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் காத்திருக்காமல் காட்டிவிடுவது மேல்.

எங்கள் பகுதியில் அதிகம் தவறிப்போவது சீனி வருத்தக்காரரின் கால் என்பது என் எண்ணம். பல ஆண்டுகள் நீரிழிவு இருந்தவரின் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. முறிந்த காலோடு அவர் நடந்து கடைக்குப் போவார், நாலு அடி என்ன, நாலாயிரம் அடி வைப்பார். வீக்கம் இருக்கும், நோவு இராது. சிலருக்கு விழுந்த ஞாபகமே இல்லாமல் பாதம் சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாகி, வீங்கும். உள்ளே சிறு முறிவுகள் நிகழ்ந்து பாதத்தின் எலும்புக்கட்டே சரிந்துகொண்டிருக்கலாம். சுளுக்கு என்று நினைத்து நடந்துகொண்டிருந்தால் பாதத்தின் வளைவு நிரந்தரமாகக் குலைந்துவிடும். இவர்களுக்கு விதி ஒன்றும் வேண்டாம். வீங்கிய கால், நீரிழிவு, இரண்டும் சேர்ந்தால் பாரம் இறக்காமல் எக்ஸ்ரேக்குப் போகவேண்டும். ஐஸ் கட்டியையும் சுடுநீர் ஒத்தடத்தையும் இவர்கள் காலில் வைக்காதீர்கள். சுட்டாலும் விறைத்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

சுளுக்கு என்று தெரிந்த பிறகு

முறிவில்லை என்றால் முதல் இரண்டு மூன்று நாள் செய்யவேண்டியது சொற்பம். காலை உயர்த்தி வைத்தல், நெகிழும் துணிக்கட்டு, தேவையானால் பரசிட்டமோல். ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம். அது நோவைக் குறைக்கும், ஆனால் ஆறுதலை விரைவாக்கும் என்பதற்கு ஆதாரம் பலமில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற புகழ்பெற்ற நாலு சொல் அறிவுரையை 1978 இல் எழுதிய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கின், 2014 இல் ஐஸும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் என்று தானே எழுதினார்.

எண்ணெய் போட்டு உருவுவது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் உருவினால், அடைபட்டுக்கொண்டிருக்கும் இரத்தக்குழாய்கள் மறுபடி திறக்கும், வீக்கம் கூடும். முறிவு இருந்து அது தெரியாமல் உருவினால், பொருந்தியிருந்த எலும்பு நகரும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதானாலும் எக்ஸ்ரே எடுத்த பிறகு போங்கள். அனுபவமுள்ள வைத்தியர் பலர் இன்று அதைத் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள்.

நோவு தாங்குமளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டத் தொடங்குவதும், சில நாளில் மெல்ல ஊன்றுவதும் நல்லது. மாதக்கணக்கில் காலை அசைக்காமல் வைப்பவர்களுக்குத்தான் மூட்டு விறைத்துப்போகிறது. வீக்கம் வற்றியபின் சுவரருகே நின்று ஒற்றைக்காலில் சமநிலை பிடித்துப் பழகவேண்டும். அறுந்த நாரோடு, மூட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் சேதப்படுகின்றன. அவற்றைப் பழக்காவிட்டால் அதே கரண்டை அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பிசகும்.

நாலாம் ஐந்தாம் நாளில் காலை இன்னொரு தடவை பார்ப்பது பயனுள்ளது. வீக்கம் வற்றியபின் இணைநார் முழுவதும் அறுந்ததா, பாதியா என்று கையால் அறிவது முதல் நாளைவிட எளிது. அந்த நாளிலும் நாலு அடி வைக்க முடியாவிட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாத ஏதோ இருக்கலாம். உள்ளங்காலில் நீலம் பாய்ந்திருந்தால் நடுப்பாதத்தின் மூட்டுகள் குலைந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் நொந்தால், கரண்டையில் வாங்கிய முறுக்கு மெல்லிய எலும்பை மேலே எங்கோ முறித்திருக்கலாம். அந்த முறிவு கரண்டையை மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் விழாது. குதிக்காலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருந்தது என்று சொன்னவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்து பாருங்கள். பாதம் அசையாவிட்டால் குதிநாண் அறுந்திருக்கிறது, அதுவும் சுளுக்கு என்று கடந்துபோகும் ஒன்று.

ஒரு வாரம் கழித்து, கரண்டை வற்றிக்கொண்டிருக்கையில் கெண்டைக்கால் புதிதாக வீங்கி நொந்தால், அதிலும் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருப்பவருக்கு, நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினால், அல்லது நெஞ்சு குத்தினால், படம் எடுத்து யாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்காமல் 1990.